பிழை அறிக்கை எழுதுவது எப்படி? ஃப்ரீலான்ஸ் மென்பொருள் சோதனையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃப்ரீலான்ஸ் சோதனையில் எதற்குப் பணம் தருகிறார்கள்? பிழையைக் கண்டுபிடித்ததற்கா, அறிக்கை எழுதியதற்கா?

ஏற்றுக்கொள்ளப்பட்ட அறிக்கைக்கு. யூடெஸ்ட், டெஸ்ட் ஐஓ போன்ற தளங்களில் ஒரு நிறுவனம் தன் செயலியையோ இணையதளத்தையோ சில நாட்களுக்குச் சோதனைக்குத் திறந்துவிடுகிறது. பல ஊர்களில் இருக்கும் சோதனையாளர்கள் தங்கள் சொந்தப் போன்களிலும் கணினிகளிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்து, கண்ட பிழைகளை எழுதி அனுப்புகிறார்கள். தளத்தின் குழுத் தலைவர் முதலில் படிக்கிறார். அவர் தேறும் என்று கருதுவது வாடிக்கையாளரிடம், அதாவது அந்த நிறுவனத்திடம் போகிறது. அவரும் ஏற்ற பிறகே உங்கள் கணக்கில் தொகை ஏறும்.

நீங்கள் பிழையைப் பார்த்தபோது இவர்களில் யாரும் உங்கள் பக்கத்தில் இல்லை. உங்களை அழைத்துக் கேட்கவும் மாட்டார்கள். ஒரே சோதனைச் சுற்றில் குவியும் அறிக்கைகளுக்கு நடுவே உங்களுடையதைத் திறந்து, நீங்கள் எழுதியபடியே தங்கள் கணினியில் செய்து பார்ப்பார்கள். பிழை வந்தால் ஏற்பார்கள், வராவிட்டால் மூடிவிடுவார்கள். கீழே உள்ள பதில்களெல்லாம் அந்தச் சில நிமிடங்களை மனத்தில் வைத்து எழுதியவைதான்.

ஒரே உதாரணத்தைக் கடைசி வரை பிடித்துக்கொள்வோம். துணி விற்கும் ஓர் இணையக் கடை. சட்டையின் விலை ₹600. ₹1,000 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி தரும் `SAVE10` என்ற கூப்பன் இருக்கிறது. இரண்டு சட்டைகளைக் கூடையில் போட்டுக் கூப்பனைச் சேர்க்கிறீர்கள். ₹1,200இல் ₹120 கழிந்து ₹1,080 என்று காட்டுகிறது. பிறகு எண்ணிக்கையை ஒன்றாகக் குறைக்கிறீர்கள். ₹600 இருக்க வேண்டிய இடத்தில் ₹480 இருக்கிறது.

பிழையைக் கண்டவுடனே எழுதிவிடலாமா? தாமதித்தால் வேறொருவர் முந்திக்கொள்வாரே?

முந்திக்கொள்வார் என்ற பயம் நியாயமானது. ஒரே பிழையை இருவர் எழுதினால் முதலில் வந்ததற்கே பணம். ஆனாலும் எழுதும் முன் பத்து நிமிடம் பிழையைச் சுற்றிப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கண்ணில் பட்ட அறிகுறியிலிருந்து உண்மையான கோளாறை நோக்கி நகர்கிறீர்கள்.

நம் கூப்பனையே எடுத்துக்கொள்வோம். முதல் பார்வையில், “₹1,000க்குக் கீழே போன பிறகும் கூப்பன் நீங்கவில்லை” என்று தோன்றும். அப்படியே எழுதினாலும் பொய்யில்லை. ஆனால் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு சட்டைகளோடு கூப்பனைச் சேர்த்துவிட்டு மூன்றாக்கினால் ₹1,800க்கு ₹180 கழிய வேண்டும். அப்போதும் ₹120தான் கழிகிறது. சட்டை வாங்குபவருக்கு ₹60 நட்டம். ஆகவே குறைந்தபட்சத் தொகையில் சிக்கல் இல்லை. கூப்பன் சேர்த்த கணத்தில் போட்ட தள்ளுபடிக் கணக்கு, எண்ணிக்கை மாறும்போது மறுபடி போடப்படுவதில்லை. கோளாறு அங்கே இருக்கிறது.

அடுத்து வேறொரு வழியில் தொகையைக் குறைத்துப் பாருங்கள். தலா ₹600 விலையுள்ள இரண்டு வெவ்வேறு சட்டைகளைக் கூடையில் போட்டு, கூப்பனைச் சேர்த்து, ஒன்றைக் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தி நீக்குங்கள். இந்த முறை கூப்பன் சரியாக நீங்கி ₹600 என்று வருகிறது. அப்படியானால் பொருளை நீக்கும்போது கணக்கு திரும்பப் போடப்படுகிறது. கழித்தல், கூட்டல் பொத்தான்களை அழுத்தும்போது மட்டும் விட்டுப்போகிறது. டெவலப்பருக்கு இந்த ஒரு வரி தேடும் நேரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தும்.

பிறகு பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யுங்கள். ₹480 அப்படியே நிற்கிறது என்றால் திரையில் மட்டும் தவறாகத் தெரியவில்லை, சர்வரிலேயே தவறான தொகை பதிவாகியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். லாகின் செய்தும் செய்யாமலும், வேறொரு பிரவுசரிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவ்வளவுதான். இதற்கு மேல் துருவினால் நேரம்தான் போகும்.

இன்னொரு பயனும் உண்டு. எண்ணிக்கையைக் குறைத்தால் ஒரு பிழை, கூட்டினால் ஒரு பிழை என்று இரண்டு அறிக்கைகள் எழுதுவோர் பலர். வேர் ஒன்றே என்பதால் இரண்டாவது நகல் என்று மூடப்படும். ஒரே பிழையைப் பிரித்துப் பணம் பார்க்க முயல்கிறார் என்ற பெயரும் சேரும்.

தலைப்பை எப்படி எழுதுவது?

எங்கே, என்ன செய்தபோது, என்ன தவறாக நடக்கிறது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். “கூப்பன் வேலை செய்யவில்லை” என்பது தலைப்பாகாது. கூப்பன் சேரவில்லையா, தவறான தொகை கழிகிறதா, பக்கமே திறக்கவில்லையா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும். “கூடை: கூப்பன் சேர்த்த பின் எண்ணிக்கையை மாற்றினால் தள்ளுபடித் தொகை மறுபடி கணக்கிடப்படுவதில்லை” என்று எழுதினால் படம்கூடப் பார்க்காமல் புரிந்துவிடும்.

தலைப்பை வைத்துத்தான் மற்றவர்கள் இதே பிழை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடுகிறார்கள். நீங்களும் எழுதும் முன் அப்படித்தான் தேட வேண்டும். “கூப்பன்” என்று மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். “தள்ளுபடி”, “மொத்தத் தொகை”, “எண்ணிக்கை” என்றும் தேடுங்கள். இன்னொருவர் வேறு சொல்லில் எழுதியிருப்பார்.

படிகள் எங்கிருந்து தொடங்க வேண்டும்? எவ்வளவு விவரமாக எழுத வேண்டும்?

அந்தத் தளத்தை முதன்முறையாகத் திறக்கும் ஒருவர் எங்கே நிற்பாரோ அங்கிருந்து. பெரும்பாலும் அது முகப்புப் பக்கத்தின் முகவரியாக இருக்கும். லாகின் செய்திருக்க வேண்டும், கூடை காலியாக இருக்க வேண்டும் போன்ற நிபந்தனைகளைப் படிகளுக்குள் திணிக்காமல் முன்நிபந்தனை என்று மேலே தனியாக எழுதுங்கள். கூடையில் பழைய பொருள் ஒன்று கிடந்தால் தொகை எல்லாமே மாறிவிடும். சோதிப்பவருக்கு ₹480 வராது. “பிழை வரவில்லை” என்று மூடிவிடுவார்.

முடிந்தவரை ஒரு படிக்கு ஒரு செயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். “இரண்டு சட்டைகளைச் சேர்த்து, கூப்பன் போட்டு, பிறகு குறைக்கவும்” என்பது ஒரு வரியில் மூன்று செயல்கள். எந்தச் செயலில் தவறு தொடங்கியது என்று இதிலிருந்து தெரியாது. பொத்தானின் பெயரைத் திரையில் உள்ளபடியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். திரையில் “Apply” என்று இருந்தால் அதையே எழுத வேண்டும். உங்கள் சொல்லில் மாற்றி எழுதினால் அந்தப் பெயரில் ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

நீங்கள் உள்ளிட்ட மதிப்புகளும் வேண்டும். கூப்பன் குறியீடு எது, எத்தனை சட்டைகள், என்ன விலை என்பதையெல்லாம் எழுதுங்கள். “ஏதாவது ஒரு பொருளைச் சேர்க்கவும்” என்று எழுதும் முன், எந்தப் பொருளைச் சேர்த்தாலும் பிழை வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ₹1,500 விலையுள்ள பொருள் ஒன்று மட்டும் கூடையில் இருந்தால் அதற்குக் கீழே எண்ணிக்கையைக் குறைக்கவே முடியாது. கூப்பன் நீங்காத காட்சி அவருக்குக் கிடைக்காது.

எழுதி முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிரவுசரில் புதிய மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, நீங்கள் எழுதியதை மட்டும் பார்த்து, நினைவில் இருப்பதைச் சேர்க்காமல், ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள். விட்டுப்போன படி அப்போது தெரிந்துவிடும். தேவையில்லாத படிகளும் தெரியும். முதலில் பிழை வந்தபோது நீங்கள் வண்ணத்தை மாற்றியிருப்பீர்கள், விருப்பப் பட்டியலில் சேர்த்திருப்பீர்கள். அவை இல்லாமலும் பிழை வருகிறது என்றால் எடுத்துவிடுங்கள். படிகள் ஏழெட்டைத் தாண்டினால் எதையோ நீக்கலாம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எதிர்பார்த்த முடிவு என்ற இடத்தில் “சரியாக வேலை செய்ய வேண்டும்” என்று எழுதினால் போதாதா?

போதாது. நல்ல பிழைகள் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

என்ன நடந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. வீடியோவில் இருக்கிறது. ஆனால் நடந்தது தவறு என்று யார் சொன்னது? அதற்கான ஆதாரத்தை எதிர்பார்த்த முடிவில்தான் வைக்க வேண்டும். வாடிக்கையாளர் “எங்கள் தளம் அப்படித்தான் இயங்கும்” என்று ஒரே வார்த்தையில் மூடிவிட அவருக்கு உரிமை உண்டு. அப்படி மூட முடியாதபடி எழுத வேண்டும்.

ஆதாரங்கள் பல வகை. முதலாவது, சோதனைக்கு முன் கொடுக்கப்பட்ட குறிப்புகளில் உள்ள விதி. அடுத்தது, அந்தத் தளமே பயனருக்குச் சொல்லும் வாக்குறுதி. நம் கடையின் கூப்பன் பக்கத்தில் “₹1,000 அல்லது அதற்கு மேல்” என்று அச்சாகியிருக்கிறது. ₹600க்குத் தள்ளுபடி தருவது அந்த வாக்குறுதிக்கு முரண். மூன்றாவது, அதே தளத்தின் இன்னொரு பகுதி நடந்துகொள்ளும் விதம். குப்பைத்தொட்டிக் குறியால் நீக்கும்போது கூப்பன் சரியாக நீங்கியதைப் பார்த்தோம் அல்லவா? ஒரே நிலைமையை இரண்டு வழிகளில் அடைந்தால் இரண்டு தொகைகள் வருகின்றன. இதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது அரிது. தளத்தை வடிவமைத்தவர்களே எது சரி என்று காட்டிவிட்டார்கள்.

“எனக்கு இப்படித் தோன்றுகிறது”, “வேறொரு கடையில் இப்படி இல்லை” என்பவை கடைசி நிலை ஆதாரங்கள். வேறு எதுவும் இல்லாதபோது அவற்றைப் பயன்பாட்டு ஆலோசனை என்ற வகையில் எழுதலாம். பிழை என்று எழுதினால் நிற்காது.

எழுதும்போது தொகையைச் சொல்லுங்கள். “தள்ளுபடி நீங்கி மொத்தம் ₹600 எனக் காட்ட வேண்டும். கூப்பனின் குறைந்தபட்சத் தொகை ₹1,000 எனக் கூப்பன் பக்கத்தில் உள்ளது.” இரண்டே வாக்கியம் போதும். எப்படித் திருத்த வேண்டும் என்று நிரலாளருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கூப்பன் தானாக நீங்க வேண்டுமா, எச்சரிக்கை காட்டிவிட்டு நீங்க வேண்டுமா என்பது அவர்கள் முடிவு. ₹480 வரக்கூடாது என்பது மட்டுமே நம் வாதம்.

உண்மையில் நடந்த முடிவையும் இதே அளவில் எழுதுங்கள். “தள்ளுபடி ₹120 அப்படியே இருக்கிறது, மொத்தம் ₹480 எனக் காட்டுகிறது.” எதிர்பார்த்ததும் நடந்ததும் ஒரே பொருளைப் பற்றி, ஒரே வரிசையில் இருந்தால் வித்தியாசம் கண்ணில் படும்.

ஸ்கிரீன்ஷாட் போதுமா, வீடியோ வேண்டுமா?

திரையில் அசையாமல் நிற்கும் தவறுக்கு ஸ்கிரீன்ஷாட் போதும். வெட்டுப்பட்ட எழுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய பொத்தான், உடைந்த படம் போன்றவை இந்த வகை. ஒரு செயலுக்குப் பிறகு வரும் தவறுக்கு வீடியோ வேண்டும். ₹480 என்று காட்டும் ஒற்றைப் படம் எதையும் நிரூபிக்காது. சட்டையின் விலையே ₹480 என்று ஒருவர் நினைக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தவறான பகுதியை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். முகவரிப் பட்டையும் நேரமும் தெரியும்படி முழுத் திரையையும் எடுங்கள். தவறான இடத்தைச் சிவப்புக் கட்டத்தால் சுற்றிக் காட்டுங்கள். ஒரு படத்தில் ஒரு கட்டம் போதும். விண்டோஸில் `Win+Shift+S`, மேக்கில் `Cmd+Shift+5` அழுத்தினால் தனியாக எந்த மென்பொருளும் இல்லாமல் எடுக்கலாம். மேக்கில் அதே விசைகளால் வீடியோவும் எடுக்கலாம்.

வீடியோ அரை நிமிடத்துக்குள் அடங்குமாறு பாருங்கள். காலியான கூடையில் தொடங்கினால் முன்நிபந்தனையும் சேர்ந்து நிரூபணமாகும். எழுதிய படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். தவறு தெரியும் இடத்தில் மூன்று நான்கு நொடி கையை எடுத்துவிட்டு நிறுத்துங்கள். பலர் அங்கேதான் அவசரமாகப் பதிவை அணைக்கிறார்கள். பார்ப்பவர் தொகையைப் படிப்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது. போனில் எடுத்தால் விரல் எங்கே தொட்டது என்பதும் தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டின் திரைப்பதிவில் பல போன்களில் பதிவைத் தொடங்கும்போதே தொடுதலைக் காட்டும் விருப்பம் இருக்கும். இல்லாவிட்டால் `Build number` என்பதை ஏழு முறை தட்டி `Developer options` பகுதியைத் திறந்து, அதில் `Show taps` என்பதை இயக்குங்கள்.

பதிவைத் தொடங்கும் முன் அறிவிப்புகளை நிறுத்திவையுங்கள். வங்கிக் குறுஞ்செய்தியும் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் செய்தியும் வாடிக்கையாளரின் பிழைப் பட்டியலில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடக் கூடாது. வீடியோவைப் பொதுவில் யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஏற்றி இணைப்பு கொடுப்பதும் கூடாது. வெளியாகாத செயலியாக இருந்தால் அது ஒப்பந்த மீறல். சோதனைத் தளத்திலேயே அறிக்கையோடு கோப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

லாக் கேட்கிறார்கள். எனக்கு நிரல் எழுதத் தெரியாதே?

எடுக்கத் தெரிந்தால் போதும். குரோம் பிரவுசரில் `F12` அழுத்தி `Network` பகுதிக்குப் போங்கள். `Preserve log` என்பதைக் குறியிட்டுவிட்டுப் பிழையை மறுபடி வரவழையுங்கள். பிறகு அங்குள்ள பதிவிறக்கக் குறியை அழுத்தினால், பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே போய்வந்தவை அடங்கிய ஒரு HAR கோப்பு கிடைக்கும்.

கோப்பை அனுப்புவதோடு நிறுத்தாமல் ஒருமுறை உள்ளே பாருங்கள். கழித்தல் பொத்தானை அழுத்தியதும் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேரும். அதைச் சொடுக்கி `Response` என்பதைத் திறந்தால் சர்வர் திருப்பி அனுப்பியது தெரியும். நம் கடையில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
{"qty": 1, "subtotal": 600, "discount": 120, "total": 480}
```

இதைப் படிக்க நிரல் தெரிய வேண்டாம். எண்ணிக்கை ஒன்றாகிவிட்டது, பொருளின் தொகையும் ₹600 ஆகிவிட்டது, தள்ளுபடி மட்டும் பழைய ₹120. சர்வரே தவறான கணக்கை அனுப்புகிறது. இதற்கு மாறாக இங்கே 600 என்று சரியாக இருந்து திரையில் மட்டும் 480 என்று தெரிந்தால் கோளாறு திரைப் பக்கத்தில். எந்தக் குழுவிடம் வேலையை ஒப்படைப்பது என்ற முடிவை உங்கள் ஒரு வரி எளிதாக்கிவிடுகிறது.

ஆண்ட்ராய்டு செயலி திடீரென மூடிக்கொண்டால், கணினியில் கூகுளின் `adb` கருவியை நிறுவி, போனைக் கணினியுடன் இணைத்து, `USB debugging` இயக்கி, கணினியின் கட்டளைச் சாளரத்தில் இந்தக் கட்டளைகளைக் கொடுங்கள்:

```
adb logcat -c
adb logcat -v time > log.txt
```

முதல் வரி பழைய பதிவுகளை அழிக்கும். இரண்டாவதைக் கொடுத்தபின் பிழையை வரவழைத்து, `Ctrl+C` அழுத்தி நிறுத்துங்கள். செயலி மூடிய நேரத்தை நொடியோடு அறிக்கையில் குறிப்பிடுங்கள். ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் எங்கே பார்க்க வேண்டும் என்று டெவலப்பருக்கு அதுதான் வழிகாட்டும்.

சோதனைக்கென்றே வைத்திருக்கும் கணக்கிலிருந்து மட்டும் லாக் எடுங்கள். புதிய குரோம் பதிப்புகள் HAR கோப்பைச் சேமிக்கும்போது குக்கி போன்றவற்றை நீக்கிவிடுகின்றன. ஆனாலும் நீங்கள் தட்டச்சு செய்த பாஸ்வேர்டும் முகவரியும் உள்ளே இருக்கக்கூடும்.

எப்போதாவது ஒருமுறைதான் வருகிறது. அதை எழுதலாமா?

எழுதலாம், எத்தனை முறை முயன்றதில் எத்தனை முறை வந்தது என்ற கணக்கோடு. “சில சமயம் வருகிறது” என்பதைவிட “10 முறையில் 3 முறை” என்பது நம்பத்தக்கது. சோதிப்பவரும் ஒரே முறை பார்த்துவிட்டுக் கைவிட மாட்டார்.

அதற்கு முன், வந்த முறைகளுக்கும் வராத முறைகளுக்கும் இடையே என்ன மாறியது என்று தேடுங்கள். பெரும்பாலும் வேகம்தான் மாறியிருக்கும். பக்கம் முழுதாக ஏறும் முன் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள், அல்லது இரண்டு முறை அடுத்தடுத்துத் தட்டியிருப்பீர்கள். `Network` பகுதியிலேயே இணைய வேகத்தைச் செயற்கையாகக் குறைக்கும் வசதி உண்டு. வேகத்தைக் குறைத்ததும் ஒவ்வொரு முறையும் பிழை வருகிறது என்றால், எப்போதாவது வருகிற பிழை எப்போதும் வருகிற பிழையாகிவிட்டது. அந்த நிபந்தனையை முன்நிபந்தனையில் சேர்த்துவிடுங்கள்.

தீவிரம் எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? உயர்வாகப் போட்டால் பணம் கூடுமே.

கூடும். தேவையில்லாமல் உயர்த்தினால் நம்பிக்கையும் அதே வேகத்தில் குறையும். பயனருக்கோ நிறுவனத்துக்கோ என்ன இழப்பு என்பதைப் பாருங்கள்.

நம் பிழையில் எல்லாமே பணம் செலுத்தும் பக்கத்தைப் பொறுத்தது. கூடையில் ₹480 என்று இருந்து, பணம் செலுத்தும் பக்கத்தில் ₹600 என்று சரியாக வந்தால் பயனர் குழம்புவார், அவ்வளவுதான். நடுத்தரம். அங்கேயும் ₹480 என்றே இருந்தால் யார் வேண்டுமானாலும் இரண்டு சட்டைகளைக் காட்டிக் கூப்பன் வாங்கி ஒன்றை மட்டும் மலிவாக எடுத்துப் போகலாம். எண்ணிக்கையைக் கூட்டியவர் அதிகமாகப் பணம் கட்டுவார். நேரடியான பண இழப்பு. இது உயர்ந்த தீவிரம். ஆகவே கூடையிலேயே நின்றுவிடாமல் ஒரு பக்கம் தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரே பிழைக்குக் கூடுதல் மதிப்பு கிடைப்பது இந்த ஒரு சொடுக்கில்தான்.

ஆனால் குறிப்புகளில் அனுமதி இல்லாவிட்டால் ஆர்டரை உறுதி செய்யாதீர்கள். மக்கள் பயன்படுத்தும் உண்மையான தளமாக இருந்தால் உண்மையான ஆர்டர் போய், கிடங்கில் யாரோ சட்டையை மடித்துக்கொண்டிருப்பார்.

என் ஆங்கிலம் சுமார்தான். அறிக்கைகளை ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும்?

பெரும்பாலும் ஆம். ஆனால் இதற்கு வேண்டிய ஆங்கிலம் சிறியது. திற, சொடுக்கு, உள்ளிடு, தேர்ந்தெடு, கீழே நகர்த்து என ஏவல் வினைகள் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் படிகள் முழுவதையும் எழுதிவிடலாம். நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுங்கள். நீண்ட வாக்கியம் வந்தால் இரண்டாக உடையுங்கள். படிப்பவருக்கும் பல வேளைகளில் ஆங்கிலம் தாய்மொழியாக இருக்காது. எளிய வாக்கியத்தை அவரும் விரும்புவார். “தயவுசெய்து விரைவில் சரி செய்யவும்”, “மிக மோசமான அனுபவம்” போன்ற வரிகளை விட்டுவிடுங்கள்.

முழு அறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா?

நம் கூப்பன் பிழையைத் தமிழில் தருகிறேன். அனுப்பும்போது இதே அளவில், இதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதலாம்.

தலைப்பு: கூடை: கூப்பன் சேர்த்த பின் எண்ணிக்கையை மாற்றினால் தள்ளுபடித் தொகை மறுபடி கணக்கிடப்படுவதில்லை

சூழல்: விண்டோஸ் 11, குரோம் (பதிப்பு எண்ணை முழுதாக எழுதுங்கள்). ஐபோன் சஃபாரியிலும் வருகிறது.

முன்நிபந்தனை: லாகின் செய்யாத நிலை, கூடை காலி.

படிகள்:
1. கடையின் முகப்புப் பக்கத்தைத் திறக்கவும்.
2. ₹600 விலையுள்ள சட்டையைத் திறந்து “Add to cart” சொடுக்கவும்.
3. கூடையைத் திறந்து எண்ணிக்கையை 2 ஆக்கவும்.
4. கூப்பன் பெட்டியில் `SAVE10` உள்ளிட்டு “Apply” சொடுக்கவும். மொத்தம் ₹1,080 எனக் காட்டும்.
5. “−” பொத்தானை ஒருமுறை அழுத்தி எண்ணிக்கையை 1 ஆக்கவும்.
6. மொத்தத் தொகையைப் பார்க்கவும்.

எதிர்பார்த்தது: கூப்பன் நீங்கி மொத்தம் ₹600. கூப்பன் பக்கத்தில் குறைந்தபட்சத் தொகை ₹1,000 என உள்ளது.

நடந்தது: தள்ளுபடி ₹120 அப்படியே இருக்கிறது. மொத்தம் ₹480. பணம் செலுத்தும் பக்கத்திலும் ₹480.

கூடுதல் தகவல்: 5 முறையில் 5 முறையும் வருகிறது. ரீஃப்ரெஷ் செய்தாலும் மாறவில்லை. எண்ணிக்கையை 3 ஆக்கினாலும் ₹180க்குப் பதில் ₹120தான் கழிகிறது. இரண்டு வெவ்வேறு பொருட்களில் ஒன்றைக் குப்பைத்தொட்டிக் குறியால் நீக்கினால் சரியாகக் கணக்கிடுகிறது.

இணைப்பு: வீடியோ, HAR கோப்பு.

நான்காம் படியில் இடைப்பட்ட ₹1,080ஐயும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சோதிப்பவருக்கு அங்கே வேறு தொகை வந்தால், கூப்பனின் விதியோ விலையோ மாறிவிட்டது என்று உடனே தெரிந்துகொள்வார். கடைசி வரை போய்க் குழம்ப மாட்டார்.

அறிக்கையை நிராகரித்துவிட்டார்கள். மறுத்துக் கேட்கலாமா?

காரணத்தைப் பொறுத்தது. நகல் என்றால் எந்த அறிக்கையின் நகல் என்று பாருங்கள். அது பேசுவதும் உங்களுடையதும் உண்மையிலேயே ஒரே கோளாறா? ஆம் என்றால் விட்டுவிடுங்கள். பிழை வரவில்லை என்றால் அவர் பயன்படுத்திய சாதனம், பதிப்பு, நேரம் ஆகியவற்றைப் பார்த்து நீங்களும் மறுபடி முயலுங்கள். இடையில் புதிய பதிப்பு ஏறியிருக்கலாம். உங்களிடம் இன்னும் வருகிறது என்றால் அன்றைய தேதி தெரியும் புதிய வீடியோவோடு பதில் எழுதுங்கள். இயல்பே அப்படித்தான் என்று சொல்லியிருந்தால் எதிர்பார்த்த முடிவுக்கான ஆதாரத்தைத் தேடுங்கள். கிடைத்தால் ஒருமுறை, மரியாதையாக, ஆதாரத்தை மட்டும் வைத்துக் கேளுங்கள். வாடிக்கையாளர் அப்போதும் மறுத்தால் அவர் சொல்வதே முடிவு.

குறிப்புகளைப் பின்பற்றவில்லை என்ற காரணம் வந்தால் மட்டும் வாதாட இடமே இல்லை. எந்தப் பக்கங்கள் சோதனைக்கு வெளியே, எந்தச் சாதனம் வேண்டும் என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கும். சுற்று தொடங்கும் முன் அதை வரிவரியாகப் படியுங்கள்.

நான் எழுதிய அறிக்கைகளைப் புதிய வாடிக்கையாளரிடம் மாதிரியாகக் காட்டலாமா?

சோதனைத் தளங்களில் எழுதியவற்றைக் காட்டக்கூடாது. பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தம் இருக்கும். வாடிக்கையாளரின் பெயரை வெளியிடுவதுகூடத் தவறாகலாம்.

மாதிரி வேண்டுமென்றால் கட்டற்ற மென்பொருள்களுக்கு எழுதுங்கள். ஃபயர்ஃபாக்ஸின் பிழைகள் `bugzilla.mozilla.org` தளத்திலும் லிப்ரே ஆபிஸின் பிழைகள் `bugs.documentfoundation.org` தளத்திலும் பொதுவில் இருக்கின்றன. படிகள், நடந்தது, எதிர்பார்த்தது என்ற அதே மூன்று பகுதிகள்தான் அங்கேயும். பணம் கிடையாது. ஆனால் உங்கள் பெயரில் உள்ள அறிக்கையின் இணைப்பை யாரிடமும் கொடுக்கலாம், டெவலப்பர் உங்களிடம் என்ன கேட்டார், பிழை எப்படித் திருத்தப்பட்டது என்பதெல்லாம் அதன் கீழேயே இருக்கும். லிப்ரே ஆபிஸைத் தமிழ் இடைமுகத்தில் நிறுவி, உரையாடல் பெட்டிகளில் சொற்கள் வெட்டுப்படுகின்றனவா, தமிழ் எழுத்துகளை அழிக்கும்போது கர்சர் சரியாக நகர்கிறதா என்று பார்க்கத் தொடங்கலாம். தமிழ் தெரியாத சோதனையாளர் கண்ணில் படாத பிழைகள் அவை.